தொலைந்த முன்பதிவு: ஒரு லாட்ஜ் இரவைச் சிறுகதையாக்கும் முழுமையான வழிகாட்டி

பவானியில் ஒரு சிறிய லாட்ஜில் இரண்டு ஆண்டுகள் இரவு ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். இரவு எட்டு மணியிலிருந்து காலை எட்டு மணி வரை. பதினான்கு அறைகள், ஒரு ரூம் பாய், தொலைபேசி, பதிவேடு, டைரி. அந்த மேசையைப் பற்றி ஒரே ஒரு கதைதான் எழுதியிருக்கிறேன், அதையும் நான்கு முறை திருப்பி எழுதினேன். முன்பதிவு செய்ததாகச் சொல்லிக்கொண்டு நள்ளிரவில் ஒரு குடும்பம் வருகிறது. டைரியில் அவர்கள் பெயர் இல்லை. இவ்வளவுதான் கதை.

இதைப் பலரும் எழுதிப் பார்க்கிறார்கள், பெரும்பாலும் ஒரே இடத்தில் வழுக்குகிறார்கள். அழும் குழந்தை, கெஞ்சும் தாய், கல்நெஞ்சு ரிசப்ஷனிஸ்ட், கடைசியில் இரக்கம். அது கதையாக இல்லாமல் வேண்டுகோளாக முடிந்துவிடுகிறது. என் முதல் பிரதியும் அப்படித்தான் இருந்தது. நான்காம் பிரதிக்கு எப்படி வந்தேன் என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். கதையையும் கூடவே சொல்லிவிடுகிறேன், அதனால் முடிவு முன்பே தெரிந்துவிடும். பரவாயில்லை, இது கட்டுமான வேலை.

படி 1: பதிவு எங்கே தொலைந்தது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் வரியை எழுதுவதற்கு முன்பே இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். "எப்படியோ தொலைந்துவிட்டது" என்று விட்டால் கதையில் எல்லோரும் சும்மா கத்திக்கொண்டிருப்பார்கள்.

சிறிய லாட்ஜில் பதிவு தொலையும் வழிகள் சிலவே. பகலில் இருப்பவர் தேதியைத் தவறான பக்கத்தில் எழுதிவிடுவார். இரவு ஒரு மணிக்கு வருகிறவருக்கு எது "இன்று" என்பது எப்போதும் குழப்பம்தான். அல்லது அட்வான்ஸ் அவருடைய சொந்தக் கணக்குக்குப் போயிருக்கும், டைரிக்கு எதுவும் வந்திருக்காது. அல்லது இணையதளம் வழியாக வந்த பதிவும் தொலைபேசியில் வந்த பதிவும் ஒரே அறையின் மேல் விழுந்திருக்கும்.

ஒவ்வொன்றும் வேறு கதை. அட்வான்ஸ் விவகாரத்தை எடுத்தால் அது திருட்டுக் கதை, பகல் ஆள்தான் அதன் நாயகன், ஆனால் அவன் வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கிறான். தேதிக் குழப்பத்தில் பக்கத்தைத் திருப்பியதும் விடை கிடைத்துவிடும், திருப்பும் வரை வாசகரைக் காக்க வைக்கலாம், அவ்வளவுதான். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ரிசப்ஷனிஸ்டுக்குச் செய்ய எதுவும் இல்லை.

பிறகு வேறொரு காரணம் கிடைத்தது. பதிவு தொலையவே இல்லை, டைரியில் சரியான பக்கத்தில் இருக்கிறது, ஆனால் வேறு பெயரில்.

எப்படி? தொலைபேசியில் பேசியவர் குடும்பத்தின் மூத்த பெண்மணி. கணவர் இறந்து மூன்று வாரம் ஆகிறது. அறையைக் கணவர் பெயரிலேயே பதிவு செய்ய நினைக்கிறார், ஐம்பது ஆண்டுகளாக எல்லாமே கணவர் பெயரில்தான் நடந்திருக்கிறது. ஆனால் கணவர் பெயரை அவர் வாயால் சொல்வதில்லை. நம் ஊர்களில் அந்தத் தலைமுறைப் பெண்கள் ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் எப்படிச் சமாளித்தார்கள் என்பது தெரிந்ததுதான். குறிப்பால் சொல்வார்கள், பக்கத்தில் நிற்கும் பிள்ளை பெயரை எடுத்துக் கொடுக்கும். தொலைபேசியில் பக்கத்தில் யாரும் இல்லை. எனவே அவர், "பழனி மலை மேலே நிற்கிறாரே, அவர் பெயர்தான்" என்கிறார். பகல் ஆளுக்குப் புரிந்துவிடுகிறது. "சரிங்க அம்மா" என்று சொல்லி, "பழனிசாமி, 3 பேர், இரவு" என்று எழுதுகிறார்.

இறந்தவரின் பெயர் தண்டபாணி.

இந்தக் காரணம் கிடைத்ததும் கதை தானாக நகர்ந்தது. ரிசப்ஷனிஸ்ட் "பழனிசாமி"க்காக ஒன்பதாம் எண் அறையைக் காலியாக வைத்திருக்கிறான். அந்த அறையைத்தான் இந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க மறுக்கிறான். கொடுமை செய்யும் எண்ணம் அவனுக்கு இல்லை, இன்னும் வராத விருந்தாளிக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறான். அவன் நேர்மையே தடையாக நிற்கிறது.

உங்கள் காரணம் சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. குடும்பத்தைப் பற்றிய ஏதாவது ஓர் உண்மை வெளிவராமல் சிக்கல் தீராது என்றால் காரணம் சரி. பக்கத்தைத் திருப்பினாலோ முதலாளிக்கு போன் போட்டாலோ தீர்ந்துவிடும் என்றால் இன்னும் தேடுங்கள்.

படி 2: மேசையில் இருப்பதை வைத்தே சண்டையை நடத்துங்கள்

கதை முழுவதும் ஒரு மேசையின் இரு பக்கத்திலும் நடக்கிறது. அந்த மேசையைத் தெரியாமல் எழுதினால், "கணினியில் தேடிப் பார்த்தான்" என்று ஒரு வரி வந்து விழும். பதினான்கு அறை லாட்ஜில் கணினி இருந்தாலும் அது பில் போடத்தான்.

எனக்கு வேண்டியிருந்தவை மூன்றே பொருட்கள். முதலாவது டைரி. தொலைபேசியில் வரும் பதிவுகளை இதில் எழுதுவோம். ஒரு நாளுக்கு ஒரு பக்கம், பெயர், எத்தனை பேர், எப்போது வருவார்கள் என்ற குறிப்பு. அழைத்தவரின் எண்ணையும் எழுத வேண்டும் என்பது விதி, பாதி நேரம் எழுதமாட்டார்கள். இந்தக் கதையில் எண் கட்டாயம் இருக்கக் கூடாது. இருந்தால் ரிசப்ஷனிஸ்ட் "பழனிசாமி"யை அழைப்பான், கிழவியின் கைப்பையில் மணி அடிக்கும், கதை முடிந்துவிடும். என் இரண்டாம் பிரதியில் இந்த ஓட்டை இருந்தது. படித்த நண்பர் கேட்ட முதல் கேள்வியே "போன் போட வேண்டியதுதானே?" என்பதுதான். எனவே இப்போது அவன் பெயருக்குக் கீழே எண்ணைத் தேடுகிறான், இல்லை, பகல் ஆளை மனதுக்குள் திட்டிக்கொள்கிறான். ஒரே வரிதான், ஆனால் ஓட்டை அடைபட்டுவிட்டது.

அந்தப் பகல் ஆளையே அழைக்கலாமே என்று அடுத்த கேள்வி வரும். அழைக்கிறான். இரவு பத்து மணிக்கு மேல் அந்த ஆள் கைபேசியை அணைத்துவிடுவார். இதையும் ஒரு வரியில் முடித்துவிடுங்கள், விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் வாசகருக்குச் சந்தேகம் வரும்.

இரண்டாவது, வருகைப் பதிவேடு. டைரி வேறு, பதிவேடு வேறு. வந்து இறங்கியவர்கள்தான் பதிவேட்டில் ஏறுவார்கள்: பெயர், முகவரி, எங்கிருந்து வருகிறார், எதற்காக, வந்த நேரம், கையெழுத்து. கூடவே அடையாள அட்டையின் நகல். போலீஸ்காரர் வந்து கேட்டால் காட்ட வேண்டியது இதுதான். பெயர் ஏறாமல் யாரையும் உள்ளே படுக்க வைக்க ரிசப்ஷனிஸ்ட் பயப்படுவான். இந்தப் பயம் கதைக்கு உதவும்.

மூன்றாவது, சாவிப் பலகை. அவன் முதுகுக்குப் பின்னால், விருந்தாளியின் கண்ணுக்கு நேராகத் தொங்குவது. குடும்பம் பார்க்கிறது: பதின்மூன்று கொக்கிகள் காலி, ஒன்பதில் மட்டும் சாவி. "அறை இல்லை" என்று அவன் சொல்லும் நேரத்தில் அவன் தலைக்கு மேலேயே அந்தப் பித்தளை வில்லை தொங்குகிறது.

> "அதோ சாவி தொங்குகிறதே?"
> "அது வேறு ஒருவருக்கு."
> "அவர் எங்கே?"
> "வருவார்."
> "எப்போது?"
> அவன் டைரியைப் பார்த்தான். 'இரவு' என்று மட்டும் எழுதியிருந்தது.

ரிசப்ஷனிஸ்ட் பொய் சொல்லவில்லை, குடும்பமும் முட்டாள்தனமாகப் பேசவில்லை. சண்டை இப்படி அமைந்தால் யாரையும் வில்லனாக்க வேண்டியதில்லை.

இன்னும் ஒன்று கேட்பார்கள்: வராதவனுக்காக ஏன் இவ்வளவு பிடிவாதம்? அவனுக்கு ஒரு பழைய காயத்தைக் கொடுங்கள். போன மாதம் இதே மாதிரி பதிவான அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டான். பதிவு செய்தவர் மூன்று மணிக்கு வந்து நின்றார். ஒரு நாள் அறை வாடகை சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. காயம் இந்த அளவே போதும், செத்துப்போன அம்மாவையெல்லாம் இழுத்து வராதீர்கள்.

படி 3: நாளையும் ஊரையும் சேர்த்துத் தேர்ந்தெடுங்கள்

சாதாரண நாளில் இந்தக் கதை நடக்காது, ஏனென்றால் பக்கத்து லாட்ஜில் அறை கிடைக்கும். எல்லா லாட்ஜும் நிறைந்திருக்கும் இரவு வேண்டும். அந்தக் கூட்டமும் குடும்பம் வந்த காரணமும் ஒன்றாக இருந்தால் நல்லது.

பவானியில் அது எளிது. காவிரியும் பவானியும், கண்ணுக்குத் தெரியாத அமுத நதியும் சேர்வதாகச் சொல்லப்படும் கூடுதுறை இங்கே இருக்கிறது. சங்கமேசுவரர் கோயிலை ஒட்டிய படித்துறையில் திதி கொடுக்கவும் அஸ்தி கரைக்கவும் கொங்கு நாடு முழுவதிலிருந்தும் வருகிறார்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசை என்றால் முதல் நாள் இரவே ஊர் நிறைந்துவிடும். நான் தை அமாவாசையின் முந்தின இரவை எடுத்தேன். குடும்பம் பெங்களூரிலிருந்து ரயிலில் ஈரோட்டுக்கு வந்து, டாக்சி பிடித்துப் பவானி வந்து சேர நள்ளிரவு தாண்டி பன்னிரண்டு நாற்பது. டாக்சி போய்விட்டது. மகன், மருமகள், இரண்டு குழந்தைகள், பாட்டி. கொண்டு வந்திருப்பது தாத்தாவின் அஸ்தி.

ரிசப்ஷனிஸ்ட் பக்கத்து லாட்ஜ்களுக்கு போன் செய்து பார்க்க வேண்டும். எல்லா இரவு ரிசப்ஷனிலும் இது வழக்கம், ஒருவரையொருவர் தெரியும். மூன்று இடம், பிறகு ஆற்றுக்கு அக்கரையில் குமாரபாளையத்தில் ஒன்று. நான்கிலும் இல்லை. இந்தப் பத்தி இருந்தால்தான் அவன் உண்மையாகவே உதவ நினைக்கிறான் என்று வாசகர் நம்புவார்.

உள்ளூர் விவரங்களில் இரண்டு எச்சரிக்கைகள். என் முதல் பிரதியில் "நிலவொளியில் காவிரி மின்னியது" என்று எழுதியிருந்தேன், அமாவாசைக்கு முந்தின இரவில்! யாரும் கவனிக்கவில்லை, அச்சுக்குப் போவதற்கு முன்பு என் அம்மா கவனித்தார். நாளைத் தேர்ந்தெடுத்த பிறகு வானத்தையும் அதற்கேற்ப மாற்றுங்கள்.

இரண்டாவது, ஊர்ப் பெருமையை அடுக்காதீர்கள். சங்கமேசுவரர் கோயிலில் ஒரு தந்தக் கட்டில் இருக்கிறது. வில்லியம் காரோ என்ற ஆங்கிலேயக் கலெக்டர் 1804-இல் கொடுத்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தபோது அம்மன் ஒரு சிறுமியாக வந்து எழுப்பி வெளியே அழைத்துப் போக, அவர் வெளியே வந்ததும் கட்டடம் இடிந்து விழுந்ததாக ஊரில் சொல்வார்கள். தூக்கம், தங்கும் இடம், கட்டில் என்று எல்லாம் என் கதைக்குப் பொருந்துவது போலவே இருந்தது, ஆசைப்பட்டு ஒரு பத்தி எழுதினேன். மூன்றாம் பிரதியில் எடுத்துவிட்டேன். நள்ளிரவில் தங்க இடமில்லாமல் நிற்கும் குடும்பத்திடம் யாரும் தல வரலாறு சொல்லமாட்டார்கள்.

ஊர்ப் பெருமைகளில் பவானி ஜமுக்காளம் மட்டும் தங்கியது, அதற்குக் கதையில் வேலை இருந்தது.

படி 4: பாட்டியை மேசைக்கு வரவிடாதீர்கள்

கட்டுமானத்தில் என்னை அதிகம் படுத்திய இடம் இது. பாட்டிக்கு விடை தெரியும். அவர் மேசைக்கு முன்னால் நின்றால், "யார் பெயரில் பதிவு செய்தீர்கள்?" என்ற கேள்வி முதல் நிமிடமே அவரிடம் போய்விடும். கதை அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அவர் வெளியே இருக்க வேண்டும், ஆனால் ஆசிரியர் வெளியே நிறுத்தி வைத்தது போலத் தெரியக் கூடாது.

முதலில் அவரைத் தூங்க வைத்தேன். நம்பும்படி இல்லை. பிறகு காது கேட்காதவராக்கினேன். அப்படியானால் தொலைபேசியில் எப்படிப் பேசினார்? விடை அவர் கையிலேயே இருந்தது. அஸ்திக் கலயத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள், வெளியே மரத்தில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் உண்டு. பத்துப் பேர் வந்து தங்கும் இடத்துக்குள் அதை எடுத்து வர அவருக்கு மனமில்லை. கீழே வைக்கவும் மனமில்லை. எனவே துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். யாரும் அவரைத் தடுக்கவில்லை.

இதை விளக்கிச் சொல்லக் கூடாது. கதையில் இப்படி வருகிறது:

> கண்ணாடிக் கதவுக்கு வெளியே படியில் ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சள் துணிப்பை. பெரிய பேரன் அவரை உள்ளே கூப்பிட்டான். அவர் தலையை ஆட்டி, பையைச் சுட்டிக் காட்டினார். பையன் தானும் வெளியே போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

மஞ்சள் பையும் அமாவாசையும் சேர்ந்தால் நம் வாசகர்களுக்கு விஷயம் பிடிபடும். பிடிபடாதவர்களுக்குப் பின்னால் வரும் காட்சியில் தெரியும்.

அடுத்தது துப்பு வைப்பது. கடைசியில் உண்மை வெளிவரும்போது "இதை முன்பே சொல்லியிருக்கலாமே" என்று வாசகர் ஏமாறக் கூடாது. இரண்டு பெயர்களும் அவர் கண் முன்னால் வந்து போயிருக்க வேண்டும். மேசையில் மகன் சொல்கிறான்: "கார்த்திகேயன் என்று பாருங்கள். இல்லையென்றால் அப்பா பெயர், தண்டபாணி." ரிசப்ஷனிஸ்ட் விரலை ஓட்டுகிறான்: நாச்சிமுத்து, 2 பேர். செல்வராஜ், 4 பேர். பழனிசாமி, 3 பேர். தங்கவேல், 6 பேர். கார்த்திகேயனும் இல்லை, தண்டபாணியும் இல்லை.

பழனிசாமியைப் பட்டியலின் நடுவில் வைத்ததைக் கவனியுங்கள். கடைசியில் வைத்தால் கண் அங்கே நின்றுவிடும். கொங்கு நாட்டில் பத்துப் பேரைக் கூப்பிட்டால் அதில் ஒரு பழனிசாமியாவது திரும்பிப் பார்ப்பார், அதனால் சந்தேகம் வராது. "3 பேர்" என்பதும் தேவை. பாட்டி தொலைபேசியில் பேசியபோது மகன், மருமகள், தான் என்று மூவர்தான். குழந்தைகளைப் பிறகு அழைத்துக்கொண்டார்கள். ஐந்து பேர் என்று டைரியில் இருந்திருந்தால் எந்த ரிசப்ஷனிஸ்டுக்கும் பொறி தட்டியிருக்கும்.

துப்பு சரியான அளவில் இருக்கிறதா என்று அறிய, கதையைத் தெரியாத இருவரிடம் கொடுத்துப் பாருங்கள். பாதியில் நிறுத்தி, "சாவி யாருக்கு?" என்று கேளுங்கள். இருவரும் கண்டுபிடித்தால் வெளிச்சம் அதிகம். படித்து முடித்த பிறகு இருவரும் டைரிப் பட்டியலைத் தேடிப் பின்னால் புரட்டவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை.

படி 5: பேச்சில் கொங்கு எவ்வளவு?

எழுத்துத் தமிழில் கதையைச் சொல்லி, பேச்சை மட்டும் முழு வட்டார வழக்கில் எழுதுவது ஒரு வழி. நான் அதைச் செய்யவில்லை. இரவு ரிசப்ஷனில் எல்லா ஊர்க்காரர்களிடமும் பேசிப் பேசி என் பேச்சே பாதி பொதுப்பேச்சாகிவிட்டிருந்தது. இந்தக் கதையின் ரிசப்ஷனிஸ்டும் அப்படித்தான். பேச்சை எழுத்துத் தமிழிலேயே விட்டுவிட்டு, விளிச்சொற்களில் மட்டும் ஊரைக் காட்டினேன்.

அதிலும் கணக்கு உண்டு. நம் பக்கத்தில் மரியாதை 'ங்க'வில் இருக்கிறது, கோபம் வந்தாலும் அது போகாது. வெளியூர் எழுத்தாளர்கள் சண்டை முற்றியதும் 'டா' போட்டுவிடுவார்கள். கொங்குக் குடும்பத்து மகன் நள்ளிரவில் எவ்வளவு எரிச்சலில் இருந்தாலும் "ஏனுங்க, நாங்கள் என்ன தெருவில் படுப்பதுங்களா?" என்றுதான் கேட்பான். அந்த 'ங்க' அடியைவிட அதிகம் வலிக்கும். சண்டையின் உச்சத்தில் நான் அவன் குரலை உயர்த்தவில்லை, 'ங்க'வை மட்டும் கூட்டினேன்.

பாட்டி ரிசப்ஷனிஸ்டைக் "கண்ணு" என்பார். பேரன் தாத்தாவை "அப்பாரு" என்பான். மருமகள் பெங்களூரில் வளர்ந்தவள், அவள் "சார்" என்பாள். நான்கு பேர், நான்கு விளி. "என்றான்", "என்றாள்" எல்லாம் பாதியாகக் குறைந்துவிட்டது.

படி 6: படிக்கட்டுக் காட்சி

மணி ஒன்றே முக்கால். ரிசப்ஷனிஸ்ட் குடும்பத்தை வரவேற்பறையிலேயே படுக்க வைக்க முடிவு செய்கிறான். விதிப்படி கூடாது, ஆனால் மகனின் அடையாள அட்டையை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, அறை எண் என்ற கட்டத்தைக் காலியாக விடுகிறான். அலமாரியிலிருந்து இரண்டு ஜமுக்காளம் எடுத்து விரிக்கிறான். மூன்றாவது ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போகிறான். தை மாதப் பனி, பாட்டி இன்னும் படியில்தான் இருக்கிறார்.

அவன் கேள்வி கேட்கப் போகவில்லை, போர்த்தக் கொடுக்கப் போகிறான் என்பது முக்கியம். துப்பறியப் போனால் காட்சி போலீஸ் விசாரணை ஆகிவிடும்.

> "உள்ளே வந்து படுங்கள் அம்மா."
> "இதை வைத்துக்கொண்டு எப்படி வருவது கண்ணு."
> அவன் பையைப் பார்த்தான். ஜமுக்காளத்தை அவர் தோளில் போட்டான்.
> "போன் செய்தது நீங்கள்தான் என்று உங்கள் மகன் சொன்னார்."
> "நான்தான். ஒரு தம்பி எடுத்தார். நன்றாகப் பேசினார்."
> "யார் பெயரில் என்று சொன்னீர்கள்?"
> "அவர் பெயரில்தான்."
> "தண்டபாணி என்றா?"
> பாட்டி அவனை நிமிர்ந்து பார்த்தார். ஏதோ தவறாகக் கேட்டுவிட்டதைப் போல இருந்தது.
> "நான் எப்படிச் சொல்வது? பழனி மலை மேலே கோலை ஊன்றிக்கொண்டு நிற்கிறாரே, அவர் பெயர் என்றேன். புரிந்தது அம்மா என்றார் அந்தத் தம்பி."

இதற்குப் பிறகு ஒரு வரிகூட விளக்கம் கூடாது. "அவனுக்குத் தலையில் இடி விழுந்தது போல இருந்தது" என்று என் மூன்றாம் பிரதியில் இருந்தது. வாசகருக்கு இடி விழுந்திருக்கும்போது ரிசப்ஷனிஸ்டுக்கும் விழுந்ததென்று தனியாகச் சொல்ல வேண்டாம். அவன் எழுந்து உள்ளே போய்ச் சாவிப் பலகையிலிருந்து ஒன்பதை எடுக்கிறான், அவ்வளவுதான்.

அந்த "கோலை ஊன்றிக்கொண்டு" என்ற சொற்களைச் சேர்க்க எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. தண்டபாணி என்றால் கையில் தண்டம் ஏந்தியவன். பாட்டி குறிப்பைச் சரியாகத்தான் கொடுத்திருக்கிறார். பகல் ஆளின் காதில் மலை விழுந்தது, கோல் விழவில்லை. தவறு யாருடையது என்று தீர்ப்புச் சொல்லாமலே இது வெளியாகிவிடுகிறது.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். கணவர் பெயரைச் சொல்லாத வழக்கம் இன்று எல்லா வயதிலும் இல்லை. பாட்டிக்கு எழுபதுக்கு மேல் இருந்தால்தான் இது நிற்கும். ஐம்பது வயதுக்காரரை வைத்து எழுதினால் வாசகர் சிரித்துவிடுவார்.

படி 7: சாவி கிடைத்த பிறகு எங்கே நிறுத்துவது?

சாவியோடு முடித்துவிடத் தோன்றும். முதலில் அப்படித்தான் முடித்தேன், புதிருக்கு விடை சொன்னது போலச் சப்பென்று இருந்தது. விடிந்து எல்லோரும் கூடுதுறைக்குப் போவதாக இன்னொரு முடிவு எழுதினேன். சூரியன், ஆறு, கலயம். அழகாக இருந்தது, ஆனால் ரிசப்ஷனிஸ்ட் காட்சியிலேயே இல்லை. அவனுடைய கதை அவன் மேசையில்தான் முடிய வேண்டும்.

அறை திறந்துவிட்டது, ஆனால் பாட்டியால் இன்னும் உள்ளே வர முடியாது என்பதை மறந்துவிடாதீர்கள். என் முந்தைய பிரதிகள் இதை மறந்து அவரையும் மெத்தையில் படுக்க வைத்திருந்தன. அறை கிடைத்தும் தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது, முடிவு அதிலிருந்துதான் வர வேண்டும்.

நான்காம் பிரதியில் மகனும் மருமகளும் குழந்தைகளோடு மாடிக்குப் போகிறார்கள். ரிசப்ஷனிஸ்ட் பதிவேட்டில் காலியாக இருந்த கட்டத்தில் ஒன்பது என்று எழுதுகிறான். டைரியில் பழனிசாமியை அடித்துவிட்டு மேலே சரியான பெயரை எழுதுகிறான். பிறகு ரிசப்ஷன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய் வாசலில், பாட்டி உட்கார்ந்திருக்கும் படிக்குப் பக்கத்தில் போட்டுக்கொள்கிறான். கண்ணாடிக் கதவு திறந்தே இருக்கிறது, போன் அடித்தால் கேட்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தறிகள் ஓடும் சத்தம் வருகிறது.

> "பெயரைத் திருத்திவிட்டேன் அம்மா."
> "என்ன எழுதினாய்?"
> "தண்டபாணி."
> பாட்டி பையின் வாயைச் சற்று இறுக்கிக் கட்டினார்.
> "இன்னொரு தடவை சொல்லு கண்ணு."